குலுக்கல் பட்டியல் திரையிலேயே மாறிவிட்டது: RANDBETWEEN எண்களை நிறுத்தி வைப்பது எப்படி?

செம்பூர்க்காரன் · ஞாயிறு இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். மனசு சரியில்லாமல்தான் இதை எழுதுகிறேன். இன்று எங்கள் சொசைட்டியில் பொங்கல் விழா. 240 கூப்பன் விற்றிருந்தோம், 10 பரிசு. பெயர்ப் பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருந்தது. A காலத்தில் கூப்பன் எண், B-இல் பெயரும் ஃபிளாட் எண்ணும். வெற்றியாளர்களை எடுக்க F காலத்தில் பத்து வரிக்கு இந்த ஃபார்முலா போட்டிருந்தேன்:

```
=INDEX(B$2:B$241,RANDBETWEEN(1,240))
```

புரொஜெக்டரில் காட்டினேன், பத்துப் பெயரும் அழகாக வந்தன. முதல் பரிசு அறிவித்தோம், கொடுத்தோம். இரண்டாவதும் கொடுத்தோம். மூன்றாவது பரிசு குக்கர். சி விங் பாட்டி ஒருவர் பெயரைப் படித்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் படி ஏறுகிறார். கூட்டத்தில் ஒருவர் "பெயர் மாறிடுச்சு" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் திரையில் மூன்றாவது வரியில் ஏ விங்காரர் ஒருவர் பெயர். அவரும் எழுந்து வந்துவிட்டார். அந்த இடத்திலேயே குலுக்கலை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

நான் F காலத்தைத் தொடவே இல்லை. லேப்டாப்பில் கையே வைக்கவில்லை, மைக் பிடித்திருந்தேன். அக்கா மகள் மட்டும் தன் போனில் அதே ஷீட்டைத் திறந்து, பரிசு வாங்கினவர் பக்கத்தில் D காலத்தில் "கொடுத்தாச்சு" என்று எழுதிக்கொண்டிருந்தாள். வேறு காலத்தில் எழுதினால் இது எப்படி மாறும்? மாறாமல் நிற்க என்ன செய்வது? மீதிப் பரிசுகளை அடுத்த ஞாயிறு கொடுத்தாக வேண்டும்.

---

டோம்பிவிலி தம்பி · ஞாயிறு இரவு 11:41

அண்ணா, இது ரொம்ப சிம்பிள். Formulas மெனுவில் Calculation Options போய் Manual என்று வைத்துவிடுங்கள். நாமாக F9 அழுத்தினால்தான் எண் மாறும். கூடவே அந்த F காலத்தை Protect பண்ணிவிடுங்கள், யாரும் தொட முடியாது.

---

முலுண்ட் டீச்சர் · ஞாயிறு இரவு 11:52

எனக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. டியூஷனில் 30 பிள்ளைகளுக்கு நாலு வகை வினாத்தாள், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பிள்ளைக்கு வேறு வேறு தாள் போக வேண்டும். உங்கள் ஃபார்முலா ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்றால் எனக்கு அதுதான் வேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? உங்களுக்கும் மாறுவது நல்லதுதானே, யாரும் ஏமாற்ற முடியாது.

---

எக்செல் அக்கா, அந்தேரி · திங்கள் காலை 7:05

செம்பூர்க்காரரே, அலுவலகத்தில் பல வருடமாக இந்த ஷீட்டுகளோடுதான் என் பொழுது போகிறது. உங்களுக்கு நேர்ந்தது எப்படி என்று முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் தீர்வு தானாக வரும்.

சாதாரண ஃபார்முலா, தான் எந்த செல்லைப் பார்க்கிறதோ அந்த செல் மாறினால்தான் மறுபடி கணக்குப் போடும். RAND, RANDBETWEEN, RANDARRAY மூன்றும் அப்படி இல்லை. ஷீட்டில் எங்கே எது மாறினாலும் இவை புது எண் எடுத்துவிடும். NOW எப்படி ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் புதுப்பிக்கிறதோ அதே மாதிரி. D காலத்தில் உங்கள் அக்கா மகள் ஒரு சொல் எழுதி முடித்ததுமே F காலத்தின் பத்து வரியும் புதிதாகக் குலுங்கின. எழுதியது போனிலா லேப்டாப்பிலா என்பது பொருட்டே இல்லை, ஷீட் ஒன்றுதான். அவளைக் குறை சொல்லாதீர்கள்.

தம்பி சொன்னதில் பாதி சரி. Manual வசதி எக்செலில் உண்டு, ஆனால் இவர் வைத்திருப்பது கூகுள் ஷீட்ஸ். அதில் File → Settings → Calculation போனால் மூன்றே தேர்வு: On change, On change and every minute, On change and every hour. மூன்றிலும் On change இருக்கிறது, எதைத் தேர்ந்தாலும் மாற்றம் நடந்தால் எண் மாறும். எக்செலிலேயே Manual வைத்தாலும், சேமிக்கும்போது அது ஒரு முறை கணக்குப் போட்டுவிடும், இயல்பான அமைப்பே அப்படித்தான். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. அந்த Manual உங்கள் ஒரு கோப்போடு நிற்காது, அதே நேரம் திறந்திருக்கும் மற்றக் கோப்புகளுக்கும் பொருந்தும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி வைத்து மறந்துபோய், ஓவர்டைம் மணிகளைத் திருத்திய பிறகும் சம்பளக் கூட்டுத்தொகை பழையபடியே அச்சாகிப் போனது.

Protect என்பது மனிதர் அந்த செல்லில் எழுதுவதைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் ஃபார்முலா புது எண் எடுப்பதை அது தடுக்காது. பூட்டிய அறைக்குள் மின்விசிறி சுற்றுகிற மாதிரிதான்.

டீச்சர், உங்கள் வேலைக்கு இது ஒத்துவரும். ஆனால் தாள் அச்சடித்த பிறகு எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள் போனது என்று ஷீட்டைத் திறந்து பார்த்தால் வேறு விடை காட்டும். திருத்தும்போது மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு முறை மாறி, பிறகு நிற்க வேண்டும்.

---

முலுண்ட் டீச்சர் · திங்கள் காலை 7:30

அய்யோ, போன வாரம் நானும் இப்படி ஒரு ஃபார்முலா வைத்துத்தான் தாள் பிரித்தேன், நாலு பேருக்கு விடைக்குறிப்பு பொருந்தவே இல்லை. பிள்ளைகள் தாளை மாற்றிக்கொண்டார்கள் என்று திட்டிவிட்டேன். இன்று மாலை அவர்களிடம் பேசுகிறேன்.

---

செம்பூர்க்காரன் · திங்கள் காலை 8:10

அக்கா, புரிந்தது. ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை ஒத்திகை பார்த்தபோது ஒரே பெயர் இரண்டாவதிலும் ஏழாவதிலும் வந்தது. அவர்கள் வீட்டில் இரண்டு கூப்பன் வாங்கியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் அவர்கள் வாங்கியது ஒன்றுதான். இதுவும் அதே கோளாறா?

---

எக்செல் அக்கா, அந்தேரி · திங்கள் காலை 8:45

இல்லை, அது தனிக் கோளாறு. அன்றைக்கு மேடையில் வந்திருந்தால் இன்னும் பெரிய சண்டையாகியிருக்கும். RANDBETWEEN(1,240) ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக எண் எடுக்கிறது. முதல் வரியில் 57 வந்தது மூன்றாம் வரிக்குத் தெரியாது, அதுவும் 57 எடுக்கலாம். சீட்டை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி குடத்துக்குள்ளேயே போடுகிற மாதிரி. 240-இல் பத்து எடுத்தால், குறைந்தது ஒரு பெயராவது இரண்டு முறை வருவதற்கான வாய்ப்பு 17 சதவீதம் இருக்கிறது. ஆறு ஒத்திகை பார்த்தால் ஒன்றில் வந்துவிடும் என்கிற அளவு.

அதனால் RANDBETWEEN-ஐ விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கூப்பனுக்கும் ஒரு சீரற்ற எண் கொடுத்து, பெரிய எண் வந்த பத்துப் பேரை எடுப்பதுதான் சரி. C2-இல் =RAND() போட்டு C241 வரை இழுங்கள். F2-இல் இதைப் போட்டு F11 வரை இழுங்கள்:

```
=INDEX(B$2:B$241,MATCH(LARGE(C$2:C$241,ROWS(F$2:F2)),C$2:C$241,0))
```

இப்போது ஒரு கூப்பன் இரண்டு முறை வர வழியில்லை. ஆனால் இன்னும் மாறிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டியது C காலத்தை மட்டும். C2:C241 தேர்ந்தெடுத்து Ctrl+C, பிறகு அதே இடத்தில் Ctrl+Shift+V. எண் மட்டும் ஒட்டும், ஃபார்முலா போய்விடும். புதிய எக்செலிலும் இதே விசைதான். பழையதில் Ctrl+Alt+V அழுத்தி V தேர்ந்து Enter. C நின்றதும் F தானாக நின்றுவிடும், ஏனென்றால் F-இல் குலுங்குகிற ஃபார்முலா எதுவும் இப்போது இல்லை.

"அதே இடத்தில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். பலர் பக்கத்து காலத்தில் ஒட்டுவார்கள். ஒட்டுவதும் ஒரு மாற்றம்தானே, அந்தக் கணமே C புது எண் எடுத்துவிடும். இரண்டு காலமும் பொருந்தாது, ஒட்டியது தப்பாகிவிட்டது என்று பயந்து மறுபடி ஒட்டுவார்கள், மறுபடியும் பொருந்தாது.

நின்றுவிட்டதா என்று பார்க்க C2-ஐக் கிளிக் செய்யுங்கள். மேலே ஃபார்முலா பட்டையில் 0.734... என்று எண் தெரிந்தால் நின்றுவிட்டது. =RAND() தெரிந்தால் இன்னும் இல்லை. அப்புறம் ஏதாவது ஒரு காலி செல்லில் "அ" என்று எழுதி Enter தட்டுங்கள். F-இல் ஒரு பெயரும் அசையக்கூடாது.

---

டோம்பிவிலி தம்பி · திங்கள் காலை 9:20

Manual விஷயம் நிஜமாகவே தெரியாது அக்கா, நன்றி. Protect பற்றிச் சொன்னதும் இப்போதே போட்டுப் பார்த்தேன், பூட்டிய செல்லில் எண் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. இதற்கெல்லாம் ஃபார்முலாவே வேண்டாம் என்று தோன்றுகிறது. கூகுள் ஷீட்ஸில் வரிகளைத் தேர்ந்தெடுத்து Data → Randomize range கொடுத்தால் வரிகளையே கலைத்துப் போட்டுவிடுமே? அதன்பிறகு மாறாது. மேலே இருக்கிற பத்துப் பேர் வெற்றியாளர்கள்.

---

எக்செல் அக்கா, அந்தேரி · திங்கள் காலை 9:50

இது முழுக்கச் சரி தம்பி. செம்பூர்க்காரருக்கு இதுதான் எளிதான வழி. அது ஃபார்முலா இல்லை, ஒரு முறை நடக்கும் செயல். ஆனால் A, B இரண்டு காலத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். B-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் மட்டும் கலைந்து, கூப்பன் எண் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்று ஆகிவிடும், பார்த்தால் தெரியாது. முதலில் ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய வரிசை வேண்டியிருக்கும்.

---

லினக்ஸ் தாத்தா, தானே · திங்கள் காலை 10:15

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி. அதில் RAND.NV(), RANDBETWEEN.NV() என்று இரண்டு உண்டு. வேறு செல்லில் எழுதினால் இவை மாறாது. ஆனாலும் அவை ஃபார்முலாதான், Ctrl+Shift+F9 அழுத்தினால் புது எண் வந்துவிடும். பரிசுப் பட்டியலுக்கு இவற்றை நம்பி நிற்காமல், Data → Calculate → Formula to Value கொடுத்து எண்ணாக்கிவிடுவதே நல்லது.

---

தாராவி அண்ணாச்சி · திங்கள் பகல் 1:30

தம்பிமாரே, நான் இந்த ஷீட்டெல்லாம் பார்க்கிறவன் இல்லை. எங்கள் தெருவில் மாதச் சீட்டு எடுக்கும்போது எவர்சில்வர் குடத்தில் பெயர் எழுதிப் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வோம். எடுத்த சீட்டில் பெயர் மாறின சரித்திரம் இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தகச் சோழன் காலம், சுமார் 1,100 வருடம் ஆகிறது. குடவோலைக்குக் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும், விவரம் தெரியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும், அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், பிறகு உரக்கப் படிக்க வேண்டும். விரலை விரிப்பது எதற்கு? கைக்குள் வேறு ஓலை இல்லை என்று காட்டத்தான். உங்கள் ஷீட்டில் அந்த விரித்த கை எங்கே இருக்கிறது? பத்து பரிசுக்கு 240 சீட்டு எழுதினால் ஒரு மணி நேர வேலை. அவ்வளவுதான்.

---

எக்செல் அக்கா, அந்தேரி · திங்கள் மாலை 6:40

அண்ணாச்சி கேட்ட கேள்விதான் இந்த இழையில் முக்கியமானது. எனக்கு நாள் முழுக்க அதே நினைப்பு.

குடத்தில் குலுக்கல் நடந்த கணம் எது என்று எல்லோருக்கும் தெரியும்: கை உள்ளே போய் வெளியே வந்த கணம். RAND ஷீட்டில் அப்படி ஒரு கணமே இல்லை. அது எப்போதும் குலுங்கிக்கொண்டிருக்கிறது, நாம் எப்போது பார்க்கிறோமோ அப்போது ஒரு பட்டியல் தெரிகிறது. நல்ல மனிதராகவே இருந்தாலும், ஒட்டுவதற்கு முன் பத்து முறை மாறியிருக்கும். "உனக்கு வேண்டியவர் பெயர் வரும் வரை தட்டிக்கொண்டிருந்தாய்" என்று யாராவது சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை.

அதனால் அந்தக் கணத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். கூப்பன் விற்பனை முடிந்ததும் பட்டியலைக் கூப்பன் எண் வரிசையில் வைத்து பி.டி.எஃப். எடுத்து சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மேடையில், "இப்போது ஒரே ஒரு முறை கலைக்கப் போகிறோம், அதன்பின் தெரிவதுதான் முடிவு" என்று முதலில் சொல்லுங்கள், பிறகு ஒரு பிள்ளையை விட்டு Randomize range-ஐ அழுத்தச் சொல்லுங்கள். உடனே மறுபடி ஒரு பி.டி.எஃப்., அதே குழுவுக்கு. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் பெயரைப் படிக்க வேண்டும். "கொடுத்தாச்சு" எழுதுவதற்கு வேறு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நேற்று விழாவில் யாராவது திரையைப் படம் எடுத்திருந்தால் தேடிப் பாருங்கள். ஷீட்டின் வரலாற்றில் தேடிப் பயனில்லை. செல்லில் வலது கிளிக் செய்து Show edit history பார்த்தால் மனிதர் எழுதிய மாற்றம்தான் வரும், ஃபார்முலா தானாக மாற்றியது அதில் பதிவாகாது.

---

செம்பூர்க்காரன் · திங்கள் இரவு 9:15

நீங்கள் சொன்னபடி போட்டோ தேடினேன் அக்கா, கிடைத்தது. பி விங்கில் ஒரு பையன், முதல் பரிசு அறிவிக்கும் முன் முழுத் திரையையும் எடுத்திருக்கிறான். பத்துப் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன.

பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அதில் முதல் பெயர் மட்டும்தான் நாங்கள் கொடுத்ததோடு பொருந்துகிறது. இரண்டாம் பரிசு வாங்கிப்போனவர் பெயரே அந்தப் படத்தில் இல்லை. பாட்டியும் இல்லை, ஏ விங்காரரும் இல்லை.

---

எக்செல் அக்கா, அந்தேரி · திங்கள் இரவு 9:40

நினைத்தேன். வரிசையாகப் பாருங்கள். முதல் பெயர் படித்தீர்கள், அது முதல் பட்டியல். உங்கள் அக்கா மகள் "கொடுத்தாச்சு" எழுதினாள், பட்டியல் மாறியது. நீங்கள் இரண்டாம் வரியைப் பார்த்தீர்கள், முதல் வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இரண்டாம் பெயர் இரண்டாவது பட்டியலிலிருந்து வந்தது. மறுபடி எழுதினாள். ஆனால் இந்த முறை கொஞ்சம் தாமதமாக எழுதியிருக்கிறாள், நீங்கள் மூன்றாம் பெயரைப் படித்த பிறகு. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பாட்டி பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தது, ஏ விங்காரர் மூன்றாவது பட்டியல். அவள் இன்னும் சுறுசுறுப்பாக எழுதியிருந்தால் பத்துப் பரிசும் பத்துப் பட்டியலிலிருந்து போயிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

---

வாஷி புரோகிராமர் · திங்கள் இரவு 10:30

அப்படியானால் நியாயம் கெடவில்லை என்பேன். பெயர் படிக்கப்பட்ட கணத்தில் 240 பேருக்கும் சம வாய்ப்பு இருந்தது. இரண்டாம் பரிசுக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, பாட்டியும் இல்லை. மைக்கில் படித்த பெயர்தான் முடிவு என்று வைத்தால் குக்கர் பாட்டிக்கு. மீதி ஏழு பரிசை, பரிசு வாங்கிய மூவரை நீக்கிவிட்டு, ஒழுங்காகக் குலுக்கலாம்.

---

தாராவி அண்ணாச்சி · திங்கள் இரவு 10:50

வாய்ப்பு சமமாக இருக்கலாம் தம்பி. ஆனால் படத்தில் மீதி ஒன்பது பேர் பெயர் இருக்கிறதே, அவர்கள் நாளைக்கு அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வாய்? திரையில் போட்டு ஊருக்கே காட்டியாயிற்று. எடுத்த ஓலையை மறுபடி குடத்தில் போட்டுவிட்டு வேறு ஓலை எடுக்கலாமா? என்னைக் கேட்டால் அந்தப் படம்தான் பட்டியல். பாட்டிக்குக் கமிட்டி தன் காசில் ஒரு குக்கர் வாங்கிக் கொடுக்கட்டும்.

---

வாஷி புரோகிராமர் · செவ்வாய் காலை 8:00

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் அண்ணாச்சி. அந்தப் படத்தை எடுக்கும் முன்பு எத்தனை பட்டியல் திரையில் வந்து போனதோ.

விரித்த கை விஷயத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. RAND-ஏ வேண்டாம். ஓர் ஆரம்ப எண்ணிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எண்களை உருவாக்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஆரம்ப எண் அதே என்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் அதே பட்டியல்தான் வரும். யார் வேண்டுமானாலும் வீட்டில் போட்டுச் சரிபார்க்கலாம். A2:A241-இல் கூப்பன் எண், B1-இல் ஆரம்ப எண்:

```
B2: =MOD(B1*16807,2147483647)
C2: =RANK(B2,B$2:B$241)
F2: =INDEX(A$2:A$241,MATCH(ROWS(F$2:F2),C$2:C$241,0))
```

B, C இரண்டையும் 241-ஆம் வரி வரை இழுக்க வேண்டும், F-ஐ 11 வரை. உதாரணத்துக்கு B1-இல் 482917 போட்டால் B2-இல் 1673935078, B3-இல் 1791080246 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எழுத்துப்பிழை. "கொடுத்தாச்சு" என்று எத்தனை முறை எழுதினாலும் அசையாது.

ஆரம்ப எண்ணை மேடையில்தான் உண்டாக்க வேண்டும். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு, ஆறு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிப் போடட்டும். ஆறும் பூஜ்யமாக வந்தால் மட்டும் மறுபடி எடுக்கணும், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

---

எக்செல் அக்கா, அந்தேரி · செவ்வாய் காலை 8:35

நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இந்த அட்டவணையை Sort செய்யவே கூடாது, B-யின் ஒவ்வொரு வரியும் மேல் வரியைப் பார்த்து நிற்கிறது, வரிசை கலைந்தால் எல்லாம் குழம்பும். இன்னொன்று, கூப்பன் வரிசையை முன்பே வெளியிட்டிருக்க வேண்டும். எண் தெரிந்த பிறகு பட்டியலில் ஒரு வரியை மேலே கீழே நகர்த்தினாலே முடிவு மாறிவிடும்.

---

தாராவி அண்ணாச்சி · செவ்வாய் பகல் 12:10

ஆறு பிள்ளைகள் சீட்டு எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், நேராகப் பெயரையே எடுத்துவிட்டுப் போகலாமே!

---

செம்பூர்க்காரன் · செவ்வாய் இரவு 10:05

அண்ணாச்சி, பத்துப் பரிசுக்கு நீங்கள் சொல்வது சரி. ஏழு பரிசுக்குக் குடம் வைத்தே எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் சம்மதம். ஆனால் ஏப்ரலில் பார்க்கிங் குலுக்கல் வருகிறது. 84 வண்டி, 60 இடம். 84 பேரையும் வரிசைப்படுத்தி, வருடம் முழுக்க அந்த வரிசையில் காத்திருப்புப் பட்டியல் வைக்க வேண்டும். அதற்குப் புரோகிராமர் சொன்ன முறையை வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்று இரவு எங்கள் வீட்டு லேப்டாப்பிலும் அக்கா மகள் போனிலும் பக்கத்து வீட்டு எக்செலிலும் 482917 போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் 1673935078. அவளையே D காலத்தில் "கொடுத்தாச்சு" என்று இருபது முறை எழுதச் சொன்னேன். ஓர் எண்ணும் அசையவில்லை. ஞாயிறு முதல் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள், இப்போதுதான் தோசை கேட்டாள்.

---

தாராவி அண்ணாச்சி · செவ்வாய் இரவு 10:20

பிள்ளை சாப்பிட்டாளே, அது போதும். பாட்டிக்குக் குக்கர் போய்ச் சேர்ந்ததா?

---

செம்பூர்க்காரன் · செவ்வாய் இரவு 10:31

இன்னும் இல்லை அண்ணாச்சி. பாட்டி வேண்டாம் என்கிறார். ஏ விங்காரர் வேண்டும் என்கிறார். படத்தில் மூன்றாவதாக இருக்கிறவருக்கு இப்போதுதான் யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள், நாளைக் காலை பேச வருவதாகச் சொன்னார். குக்கர் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருக்கிறது.